22 + 18 = 40, வகுப்பிலும் 40 பேர்: அப்போ விடை 1 தானே?

தக்கலை_அம்மா

பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்குப் பள்ளியில் ஒரு கணக்கு கொடுத்திருக்கிறார்கள். புத்தகக் கணக்கு இல்லை, டீச்சர் அவர்கள் வகுப்பையே வைத்துச் சொந்தமாகப் போட்டது. வகுப்பில் 40 பேர். சுற்றுச்சூழல் மன்றத்தில் 22 பேர். இலக்கிய மன்றத்தில் 18 பேர். இரண்டிலும் இருப்பவர்கள் 7 பேர். வருகைப் பதிவேட்டைத் திறந்து கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெயரில் விரலை வைத்தால், அந்தப் பிள்ளை குறைந்தது ஒரு மன்றத்திலாவது இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?

இவள் 22/40 + 18/40 = 40/40 = 1 என்று எழுதிவிட்டாள். டீச்சர் அடியில் கோடு போட்டு, "வென்படம் வரைந்து பார்" என்று மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறார். இவளோ ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். விடை 1-ஐத் தாண்டினால்தானே தப்பு, இங்கே கச்சிதமாக 1 வருகிறதே, எல்லாரும் ஏதோ ஒரு மன்றத்தில் இருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம் என்று கேட்கிறாள். பொதுவானதைக் கழிக்க வேண்டும் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏன் கழிக்க வேண்டும் என்று அவள் கேட்டால் பதில் இல்லை. யாராவது அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள்.

தோவாளை_பூக்கடை

கணக்கே தப்பு அக்கா. 22-ம் 18-ம் 7-ம் கூட்டினால் 47. வகுப்பில் இருப்பதோ 40 பேர். மீதி 7 பேர் எங்கிருந்து வந்தார்கள்? டீச்சரிடம் போய்க் கேளுங்கள்.

குளச்சல்_ஜெரின்

அண்ணே, அந்த 7 பேர் தனி ஆட்கள் இல்லை. சுற்றுச்சூழல் மன்றத்தின் 22-க்குள்ளேயே அவர்கள் இருக்கிறார்கள், இலக்கிய மன்றத்தின் 18-க்குள்ளேயும் இருக்கிறார்கள். இரண்டு பட்டியலிலும் பேர் இருக்கிறது என்பதைத்தான் 7 சொல்கிறது.

அக்கா, சூத்திரம் இதுதான்:

P(A∪B) = P(A) + P(B) − P(A∩B)

22/40 + 18/40 − 7/40 = 33/40. அவ்வளவுதான், வென்படமெல்லாம் தேவையே இல்லை. இன்னொன்றும் சொல்கிறேன். அந்த 7 கொடுக்காமல் இருந்தாலும் போடலாம். இரண்டு நிகழ்தகவையும் பெருக்கினால் பொதுவானது கிடைத்துவிடும். நாங்கள் காலேஜில் அப்படித்தான் போடுகிறோம்.

தோவாளை_பூக்கடை

அப்படியென்றால் சுற்றுச்சூழலில் மட்டும் இருப்பவர்கள் 22 இல்லையா? "22 பேர்" என்றுதானே போட்டிருக்கிறது. சுற்றுச்சூழலில் மட்டும் 22, இலக்கியத்தில் மட்டும் 18, ரெண்டிலும் 7 என்றுதான் நான் படித்தேன்.

ஆரல்வாய்க்_காற்று

பூக்கடை அண்ணன் படித்த மாதிரி பாதி வகுப்பு படிக்கும். நான் கல்லூரியில் புள்ளியியல் எடுக்கிறேன், முதலாண்டுப் பிள்ளைகளே வென்படத்தில் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். "மட்டும்" என்று வினாவில் இல்லையென்றால் 22 என்பது முழு வட்டத்தின் எண்ணிக்கை. 22-ஐப் பிறை மாதிரி இருக்கும் இடது பகுதிக்குள் எழுதிவிட்டால் அப்புறம் என்ன செய்தாலும் விடை வராது.

தக்கலை அக்கா, மகளை ஒரு தாளில் இப்படி வரையச் சொல்லுங்கள். முதலில் ஒரு செவ்வகம், அதன் மூலையில் 40. செவ்வகத்தை மறந்துவிட்டு வெறும் வட்டங்களை மட்டும் வரைந்தால் எந்த மன்றத்திலும் இல்லாத பிள்ளைகளுக்கு நிற்க இடமே இருக்காது. உங்கள் மகளின் விடையில் காணாமல் போனதும் அவர்கள்தான். உள்ளே ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி இரண்டு வட்டம். 22-ஐயும் 18-ஐயும் வட்டத்துக்கு மேலே, வெளிப்பக்கம் எழுத வேண்டும், உள்ளே கூடாது.

இப்போது நடுவிலிருந்து தொடங்குங்கள். இரண்டும் ஏறி நிற்கிற இடத்தில் 7. சுற்றுச்சூழல் வட்டத்தில் மொத்தம் 22 வர வேண்டும், 7 ஏற்கனவே உள்ளே உட்கார்ந்துவிட்டது, ஆகவே அந்தப் பக்கப் பிறையில் 15. இலக்கிய வட்டத்தில் 18, அதில் 7 போக 11. வட்டங்களுக்குள் நிற்கும் தலைகளை ஒரு முறை எண்ணுங்கள்: 15 + 7 + 11 = 33. செவ்வகத்துக்குள் 40, ஆகவே வட்டங்களுக்கு வெளியே 7 பேர். விடை 33/40.

ஏன் கழிக்க வேண்டும் என்று அவள் கேட்டதற்கான பதிலும் இந்தப் படத்திலேயே இருக்கிறது. 22 என்று சொல்லும்போது நடுவில் இருக்கும் 7 பேரை எண்ணியாயிற்று. 18 என்று சொல்லும்போது அதே 7 பேரை மறுபடியும் எண்ணுகிறோம். ஒரு பிள்ளையை ஒரு தடவைதான் எண்ணலாம், அதனால் ஒரு முறையை எடுத்துவிடுகிறோம். ஆளை வெளியே அனுப்பவில்லை, கூடுதலாக விழுந்த ஓர் எண்ணிக்கையை மட்டும் எடுக்கிறோம்.

கழித்தலே பிடிக்கவில்லையென்றால் கழிக்காமலும் போடலாம். சுற்றுச்சூழல் வட்டம் முழுவதும் 22, அதோடு இலக்கியத்தில் மட்டும் இருக்கும் 11. இந்த இரண்டு கூட்டத்திலும் பொது ஆள் யாரும் கிடையாது, தைரியமாகக் கூட்டலாம், 33. 1933-ல் கோல்மோகொரோவ் நிகழ்தகவுக்கு அடிப்படை விதிகளை எழுதியபோது ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகளுக்குத்தான் கூட்டலை விதியாக வைத்தார். கழித்தலோடு வரும் சூத்திரம் அதிலிருந்து இப்படித்தான் பிறக்கிறது. ஜெரின் தம்பி சூத்திரம் சரி. பெருக்கல் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

தக்கலை_அம்மா

படம் வரைந்தாள் டீச்சர், 33 வந்துவிட்டது. ஆனால் இப்போது புதுச் சந்தேகம். அவளே டைப் செய்கிறாளாம், போனைக் கொடுத்துவிட்டேன்.

வணக்கம் மிஸ். நடுவிலும் 7 வருகிறது, வெளியிலும் 7 வருகிறது. இது தற்செயலா? அப்புறம், நான் 1 என்று எழுதியது ஏன் 1-ஐத் தாண்டவில்லை? பக்கத்து பெஞ்சில் இருப்பவள் வேறொரு கணக்கில் இதே தப்பைச் செய்து 44/40 வந்து உடனே அடித்துத் திருத்திவிட்டாள். எனக்கு மட்டும் தெரியவே இல்லை.

ஆரல்வாய்க்_காற்று

நல்ல கேள்வி மக்கா. தற்செயல் இல்லை.

22-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 40, வகுப்பிலும் 40. நடுவில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கூட்டலில் ஓர் இடம் கூடுதலாகப் பிடிக்கிறது. மொத்தம் மட்டும் 40-க்குச் சரியாக வந்து நிற்கிறது என்றால், கூடுதலாகப் பிடித்த ஒவ்வோர் இடத்துக்கும் ஈடாக ஒரு பிள்ளை எண்ணிக்கையில் வராமல் வெளியே நிற்க வேண்டும். நடுவில் 7 என்றால் வெளியே 7. நடுவில் 3 என்று டீச்சர் கொடுத்திருந்தால் வெளியே 3. இரண்டு மன்றத்தின் கூட்டுத்தொகையும் வகுப்பின் எண்ணிக்கையும் சமமாக இருக்கும்போதெல்லாம் இது நடக்கும். வேண்டுமானால் நடுவில் 12 போட்டுப் பார்.

உன் தப்பு உனக்குத் தெரியாமல் போனதற்கும் இதுதான் காரணம். பக்கத்து பெஞ்சுக்காரிக்கு விடை 1-ஐத் தாண்டியதால் மணி அடித்தது. உனக்கு இரண்டு முறை எண்ணிய ஏழும், எண்ணாமல் விட்ட ஏழும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. கூட்டுத்தொகை 40-க்குக் கீழே இருந்தாலும் மணி அடிக்காது. 15-ம் 12-ம் கூட்டினால் 27/40, பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும், தப்பாகவும் இருக்கலாம். ஆகவே 1-ஐத் தாண்டுகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு நிம்மதி அடையக் கூடாது. கூட்டுவதற்கு முன்னால், இரண்டு பட்டியலிலும் ஒரே ஆள் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னொன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். உன் விடை 1 வேறொரு கேள்விக்குச் சரியான விடை. டீச்சர் பதிவேட்டை எடுக்காமல், இரண்டு மன்றங்களின் உறுப்பினர் சீட்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டுக் குலுக்குகிறார் என்று வை. சுற்றுச்சூழல் சீட்டு 22, இலக்கியச் சீட்டு 18, டப்பாவில் 40 சீட்டு. எந்தச் சீட்டை எடுத்தாலும் அது ஏதோ ஒரு மன்றத்தில் இருக்கும் பிள்ளையுடையதுதான், நிகழ்தகவு 1. ஆனால் இரண்டிலும் இருக்கும் 7 பேருக்குத் தலா இரண்டு சீட்டு, 14 சீட்டு. அவர்களில் ஒருவர் வருவதற்கு 14/40. பதிவேட்டில் விரலை வைத்தால் 7/40 தான். எதிலும் சேராத 7 பேருக்கு டப்பாவில் சீட்டே இல்லை. உன் கூட்டல் சீட்டுகளை எண்ணியது, கேள்வி பிள்ளைகளைப் பற்றிக் கேட்டது.

பழைய_பெஞ்ச்

நான் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். டீச்சரம்மா சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் பரீட்சைக்கு இது போதாது. n(S) = 40, n(A) = 22, n(B) = 18, n(A∩B) = 7 என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் நிகழ்தகவையும் எழுதி, சூத்திரத்தை எழுதி, பிரதியிட்டு, 33/40 என்று முடிக்க வேண்டும். படத்தை மட்டும் வரைந்து விடை எழுதினால் திருத்துகிறவர் படிக்கான மதிப்பெண்ணைக் குறைக்கலாம். படம் மனசுக்கு, படிகள் தாளுக்கு.

ஆரல்வாய்க்_காற்று

சார், தாளில் படிகள் வேண்டும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சூத்திரத்தை முதலில் கொடுத்தால் அடுத்த கேள்வியில் பிள்ளைகள் விழுகிறார்கள். "ஒரு மன்றத்தில் மட்டும் இருப்பதற்கான நிகழ்தகவு" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் அதே சூத்திரத்தைப் போட்டு 33/40 என்று எழுதுவார்கள். படம் கையில் இருந்தால் இரண்டு பிறையையும் கூட்டி 15 + 11 = 26, 26/40 அதாவது 13/20 என்று வந்துவிடும். சூத்திரமாகப் போனால் பொதுவானதை இரண்டு முறை கழிக்க வேண்டும்: 22 + 18 − 7 − 7. ஏன் இரண்டு முறை என்று படம் இல்லாமல் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம்.

பழைய_பெஞ்ச்

நான் சூத்திரத்தை முதலில் கொடுத்துத்தான் நிறையப் பிள்ளைகளைத் தேற்றினேன். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்குப் படம் வரையவே பத்து நிமிஷம் போகும். இதில் உங்களுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது, விடுங்கள்.

குளச்சல்_ஜெரின்

டீச்சர், பெருக்கலில் என்ன சிக்கல்? P(A∩B) = P(A) × P(B) என்று எங்கள் நோட்டில் இருக்கிறது. 22/40 × 18/40 = 0.2475. அப்படியென்றால் 0.55 + 0.45 − 0.2475 = 0.7525. கிட்டத்தட்டத்தானே வருகிறது?

ஆரல்வாய்க்_காற்று

33/40 என்பது 0.825 தம்பி. 0.7525-க்கும் அதற்கும் நடுவில் ஏறக்குறைய மூன்று பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் நோட்டில் அந்த வரிக்கு மேலே "சார்பிலா நிகழ்ச்சிகள் எனில்" என்று இருக்கும், அதாவது ஒன்று நடப்பது மற்றதன் வாய்ப்பை மாற்றாதபோது மட்டும். திரும்பப் பார்.

0.2475-ஐ 40-ஆல் பெருக்கு. 9.9 வருகிறது. இரண்டு மன்றத்திலும் 9.9 பிள்ளைகள்! இந்த வகுப்பில் இந்த எண்ணிக்கையோடு அந்த இரண்டு நிகழ்ச்சிகளும் சார்பிலாதவையாக இருக்கவே முடியாது, ஏனென்றால் அதற்கு 9.9 பேர் வேண்டும். சுற்றுச்சூழலில் 20 பேரும் இலக்கியத்தில் 18 பேரும் இருந்தால் 9 வந்திருக்கும், அப்போது வாய்ப்பாவது உண்டு. அப்போதும் நிஜமாகவே 9 பேர் இருக்கிறார்களா என்று பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பெருக்கிப் பார்த்துவிட்டு "அதனால் 9 பேர்" என்று முடிவு கட்டக் கூடாது.

பிள்ளைகள் மன்றத்தில் சேர்வதற்குக் காரணங்கள் இருக்கும், அதனால் பெருக்கல் இங்கே உதவாது. தக்கலை அக்கா, மன்றங்கள் எப்போது கூடுகின்றன என்று மகளிடம் கேட்டுச் சொல்ல முடியுமா?

தக்கலை_அம்மா

இரண்டும் வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் தானாம். இரண்டிலும் இருக்கும் பிள்ளைகள் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே என்று மாறிமாறிப் போவார்களாம். அவளும் அந்த ஏழில் ஒருத்தி. சுற்றுச்சூழல் மன்றத்தோடு தேரூர்க் குளத்துக்குப் பறவை பார்க்கப் போனாள், அதே ஊர்க்காரரான கவிமணியின் பாட்டை இலக்கிய மன்றத்தில் ஒப்புவித்தாள். ஒரே ஊர் இரண்டு மன்றத்துக்கும் உதவியது.

ஆரல்வாய்க்_காற்று

அதேதான். ஒரே நேரத்தில் கூடுவதால் ஒன்றில் சேர்ந்தவர்கள் மற்றதில் சேரத் தயங்குகிறார்கள். எண்ணிலும் அது தெரிகிறது. சுற்றுச்சூழலில் இருக்கும் 22 பேரில் இலக்கியத்திலும் இருப்பவர்கள் 7 பேர், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. சுற்றுச்சூழலில் இல்லாத 18 பேரில் 11 பேர் இலக்கியத்தில் இருக்கிறார்கள், பாதிக்கும் மேலே. ஒன்றில் இருப்பது மற்றதைப் பாதிக்காமல் இருந்தால் இந்த இரண்டு பங்கும் ஒரே மாதிரி இருந்திருக்கும். ஒரு மன்றத்தைப் புதன்கிழமைக்கு மாற்றினால் 7 கூடலாம், 22-ம் 18-ம் மாறாமலேயே.

அதனால் ஜெரின், 7 கொடுக்கப்படவில்லையென்றால் விடை ஒற்றை எண்ணாக வராது. நடுவில் 0-விலிருந்து 18 வரை எதுவும் இருக்கலாம், சேர்ப்பு 22/40-லிருந்து 40/40 வரை எங்கும் நிற்கலாம். அவ்வளவுதான் சொல்ல முடியும். சிலர் இதைக் குறை என்று நினைப்பார்கள். என்னைக் கேட்டால், தெரியாததை ஒரு பெருக்கலால் மூடுவதைவிட இந்த எல்லையைச் சொல்வது நேர்மை.

மார்த்தாண்டம்_நூலகம்

இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், என் விஷயமும் இதேதானாக்கும். எங்கள் ஊரில் கலை விளையாட்டுக் கழகத்தில் 120 பேர், நூலகத்தில் 85 பேர். இரண்டும் சேர்ந்து ஆண்டு விழா வைக்கிறோம், மதியச் சாப்பாட்டுக்கு எண்ணிக்கை சொல்ல வேண்டும். 205 என்று சொன்னால் வீணாகும் என்று எல்லாருக்கும் தெரியும். இரண்டு பட்டியலையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பெயர் பொருந்துகிறதா என்று பார்த்தேன், 38 பேர் பொருந்தினார்கள். அப்படியென்றால் 205 − 38 = 167. சரிதானே?

குளச்சல்_ஜெரின்

சரிதான் அண்ணா. 167 இலை.

ஆரல்வாய்க்_காற்று

சூத்திரம் சரி. 38 சரியா என்பதுதான் கேள்வி. பொதுவானது ஒன்று தப்பினால் சேர்ப்பும் ஒன்று தப்பும், திசை மட்டும் எதிர்.

நம்ம மாவட்டத்தில் ஒரே தெருவில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். கழகத்தில் ஓர் அனீஷ், நூலகத்தில் வேறோர் அனீஷ் என்றால் கம்ப்யூட்டர் இருவரையும் ஒருவராக்கிவிடும், 38 கூடும், சாப்பாடு ஓர் ஆளுக்குக் குறையும். இன்னொரு பக்கம், ஒரே ஆள் கழகத்தில் "எஸ். அனீஷ்" என்றும் நூலகத்தில் "அனீஷ் சாம்" என்றும் இருந்தால் பொருந்தாமல் போகும், அவருக்கு இரண்டு இலை விழும். இந்த இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்று நம்பிவிடாதீர்கள்.

ஒன்று மட்டும் நிச்சயமாகச் சொல்லலாம். வித்தியாசமான ஆட்கள் 120-க்குக் குறையவும் மாட்டார்கள், 205-ஐத் தாண்டவும் மாட்டார்கள். பொருந்திய 38 பேரை முதலில் ஒவ்வொருவராகச் சரிபாருங்கள், அது சின்ன வேலை. பொருந்தாதவர்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒரே ஆட்களைக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை.

மார்த்தாண்டம்_நூலகம்

பெயரை விட்டுவிட்டுப் போன் நம்பரை வைத்துப் பார்த்தேன் டீச்சர். 31 தான் பொருந்துகிறது. அப்படியென்றால் 174. ஆனால் நூலகத்தில் சின்னப் பிள்ளைகள் அப்பாவின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள், அந்த அப்பாக்கள் கழகத்தில் உறுப்பினர். அந்த 31-லும் சில தப்பு இருக்கும் போல.

ஆரல்வாய்க்_காற்று

அப்பாவும் மகனும் ஒரே நம்பரில் ஒருவராகிவிட்டார்கள் என்றால் அவர்களுக்கு இரண்டு இலை வேண்டும், உங்கள் கணக்கில் ஒன்றுதான் இருக்கிறது. பெயரும் நம்பரும் இரண்டுமே பொருந்துகிறவர்களைத் தனியாக எடுங்கள், அவர்களை ஒருவராகக் கொள்ளலாம். ஒன்று மட்டும் பொருந்துகிறவர்களுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

குலசேகரம்_பையன்

நானும் பத்தாம் வகுப்புதான். மூன்று மன்றம் வந்தால் எப்படி? எங்கள் கைடில் ஒரு கணக்கு. 40 பேர், சுற்றுச்சூழல் 22, இலக்கியம் 18, செஞ்சிலுவை 14. முதல் இரண்டிலும் 7, சுற்றுச்சூழலிலும் செஞ்சிலுவையிலும் 6, இலக்கியத்திலும் செஞ்சிலுவையிலும் 5, மூன்றிலும் 5. எனக்கு 41/40 வருகிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

பழைய_பெஞ்ச்

கழித்துவிட்டு மூன்றிலும் இருப்பதைத் திரும்பக் கூட்ட வேண்டும் தம்பி. 22 + 18 + 14 = 54. பொதுவானவை 7 + 6 + 5 = 18. 54 − 18 = 36. அதோடு 5. 41. அட, எனக்கும் 41 தான்.

ஆரல்வாய்க்_காற்று

நீங்கள் இருவரும் போட்டது சரி. கணக்குதான் இல்லாத வகுப்பைப் பற்றியது.

ஏன் திரும்பக் கூட்டுகிறோம் என்பதை முதலில் பார்ப்போம். மூன்றிலும் இருக்கும் பிள்ளை 54-ல் மூன்று முறை வந்தது. ஜோடி ஜோடியாகக் கழித்தபோது மூன்று முறையும் போய்விட்டது, இப்போது அது கணக்கிலேயே இல்லை. அதனால் ஒரு முறை சேர்க்கிறோம். இரண்டில் மட்டும் இருக்கும் பிள்ளை இரண்டு முறை வந்து ஒரு முறை கழிந்தது, அது ஏற்கனவே சரியாக இருக்கிறது.

மூன்றிலும் இருப்பவர்கள் 3 என்று மாற்றிப் படத்தை நிரப்புங்கள். நடுவில் 3. அதைச் சுற்றி 7 − 3 = 4, 6 − 3 = 3, 5 − 3 = 2. சுற்றுச்சூழலில் மட்டும் 22-லிருந்து 4, 3, 3 போக 12. இலக்கியத்தில் மட்டும் 9. செஞ்சிலுவையில் மட்டும் 6. எல்லாம் சேர்ந்து 39, வெளியே ஒருவர். 39/40.

கைடில் 5 என்று போட்டால் வட்டங்களுக்குள் 41 பேர் நிற்க வேண்டும், வகுப்பில் 40 பேர்தான். மூன்றிலும் இருப்பவர்கள் 4 வரைதான் போக முடியும், 4 என்றால் வெளியே யாரும் இல்லை. கைடு எழுதியவர் எண்களைப் போட்டுவிட்டுப் படத்தை நிரப்பிப் பார்க்கவில்லை. ஏதாவது ஒரு பகுதியில் குறை எண் வந்தாலோ, மொத்தம் செவ்வகத்தைத் தாண்டினாலோ, தப்பு நம்மிடமும் இருக்கலாம், கேள்வியிலும் இருக்கலாம். எங்கே என்று பகுதி பகுதியாகப் பார்த்தால் தெரிந்துவிடும்.

குலசேகரம்_பையன்

நாலு மன்றம் என்றால் நாலு வட்டமா?

ஆரல்வாய்க்_காற்று

நாலு வட்டத்தால் முடியாது. நாலு மன்றத்துக்கு, எதிலும் இல்லாதவர்களையும் சேர்த்து 16 பகுதி வேண்டும். நாலு வட்டத்தை எப்படிப் போட்டாலும் 14-க்கு மேல் வராது, இரண்டு வகைப் பிள்ளைகளுக்கு இடமிருக்காது. ஜான் வென் 1880-ல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியபோதே நாலுக்கு நீள்வட்டங்களைப் போட்டார். நாலுக்கு மேல் போனால் படத்தை விட்டுவிட்டுப் பட்டியலாக எழுதுவதுதான் நல்லது.

பழைய_பெஞ்ச்

பரீட்சையில் 41/40 வந்தால் பையன் என்ன எழுதுவது? "வினா தவறு" என்று எழுதினால் திருத்துகிறவர் என்ன செய்வாரோ. நான் என்றால் முழு மதிப்பெண் போடுவேன், எல்லாரும் போட மாட்டார்கள்.

தோவாளை_பூக்கடை

அப்போ என் 47? "மட்டும்" என்று போட்டிருந்தால் நான் சொன்னது சரியாகியிருக்கும், இல்லையா?

ஆரல்வாய்க்_காற்று

"மட்டும்" இருந்தால் உங்கள் கூட்டல் சரி அண்ணா. அப்போது 40 பேர் வகுப்பில் 47 பேர் வருகிறார்கள் என்று நீங்கள் முதலில் கேட்ட கேள்வியும் சரி.

மார்த்தாண்டம்_நூலகம்

பெயரும் நம்பரும் இரண்டும் பொருந்துகிறவர்கள் 26 பேர். ஒன்று மட்டும் பொருந்துகிறவர்கள் 17 பேர், அதில் 9 பேரிடம் பேசிவிட்டேன், 4 பேர் ஒரே ஆள், 5 பேர் வேறு வேறு. இன்னும் 8 பேர் போன் எடுக்கவில்லை. இப்போதைக்குப் பொதுவானவர்கள் 30-லிருந்து 38 வரை, சாப்பாடு 167-லிருந்து 175 வரை. சமையல்காரர் நாளைக் காலையில் ஒரே எண் கேட்கிறார்.

குளச்சல்_ஜெரின்

175 சொல்லுங்கள் அண்ணா. ரெண்டு பட்டியலிலும் வேற வேற பேரும் நம்பரும் கொடுத்தவர் இருந்தால் இன்னும் குறையத்தான் செய்யும், கூடாது.

தக்கலை_அம்மா

அழைக்காமல் வருகிற சொந்தக்காரர்களை எந்த வட்டத்தில் போடுவீர்கள்?